பேக்கப் இல்லை என்று சொல்லுமுன் பழைய போனைப் பாருங்கள்

மருதமுனையில் கைத்தறிச் சாறன் விற்கும் என் மச்சான், ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு இரண்டு போன்களோடு வந்தார். செவ்வாய் மாலை கல்முனை பசாரில் புதுப் போன் வாங்கி, சிம்மை மாற்றி, வாட்ஸ்அப்பில் இலக்கத்தையும் பதிந்துவிட்டார். குழுக்களின் பெயர்கள் வந்தன, உள்ளே எல்லாம் வெறுமை. டுபாயில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை என்பதால், அங்குள்ள வாடிக்கையாளர்கள் கரை என்ன நிறம், எத்தனை சாறன், அட்வான்ஸ் எவ்வளவு என்று எல்லாவற்றையும் குரல் பதிவாகவே அனுப்புவார்கள். அவருக்கு அதுதான் கணக்குப் புத்தகம்.

"பேக்கப் எடுக்கல்ல மச்சான்" என்றார். கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடம் நிறைந்ததும் அவர் அதை நிறுத்திவிட்டார். 2024 முதல் வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்த இடத்தில்தான் கணக்காகிறது.

ஆனால் அவர் அறியாமலே போன் ஒரு பேக்கப்பை எடுத்து வைத்திருந்தது. ஆன்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணியளவில் போனுக்குள்ளேயே ஒரு பிரதி எழுதும். கடைசி ஏழு நாள் அளவுக்கான பிரதிகள் இருக்கும். பழைய போன் அதற்குள் பிள்ளையின் கேம் விளையாட்டுக்குப் போயிருந்தது. நல்ல வேளை, யாரும் ரீசெட் செய்திருக்கவில்லை.

பைல் மேனேஜரில் இந்த வழியே போனோம்:

```
Android/media/com.whatsapp/WhatsApp
```

உள்ளே Databases கோப்புறையில் `msgstore.db.crypt14` இருந்தது, தேதி செவ்வாய் அதிகாலை. செய்திகளின் எழுத்தெல்லாம் அதில்தான், பூட்டப்பட்ட நிலையில். திறப்பு வாட்ஸ்அப்பின் சேர்வரில் அந்த இலக்கத்தோடு இருக்கிறது, ஆகவே அதே இலக்கம் இல்லாமல் இந்தக் கோப்பால் பயனில்லை. கோப்பு crypt15 என்று முடிந்து, கடவுச்சொல் வைத்த பேக்கப்பாக இருந்தால், அந்தக் கடவுச்சொல்லோ 64 இலக்கத் திறப்போ வேண்டும்.

அவசரப்பட்டால் இங்கேதான் பிழைக்கும். பழைய பிரதியை ஏற்றும்போது புதுப் போனின் மூன்று நாள் உரையாடல்கள் போய்விடும், இரண்டையும் ஒட்ட முடியாது. ஆகவே முக்கியமான உரையாடல்களை முதலில் Export chat மூலம் மின்னஞ்சலுக்கு அனுப்பினோம். அது வாசிக்க மட்டுமே, திரும்ப வாட்ஸ்அப்புக்குள் போகாது.

அதன் பிறகு புதுப் போனில் வாட்ஸ்அப்பை நீக்கி மீண்டும் நிறுவினோம், ஆனால் திறக்கவில்லை. பழைய போனின் WhatsApp கோப்புறை முழுவதையும் மடிக்கணினி வழியாக அதே இடத்துக்குப் பிரதி செய்தோம். வெட்டி ஒட்டவில்லை: ஒரு தடவை பிழைத்தால் மூலம் பழைய போனில் இருக்க வேண்டும். Databases மட்டும் போனால் எழுத்து வரும், படங்கள் மங்கலாக நிற்கும். Media கோப்புறையும் போக வேண்டும்.

இனித் திறந்து, இலக்கத்தைக் கொடுத்து, எஸ்எம்எஸ் குறியீட்டை இட்டு, கோப்புகளைப் பார்க்க அனுமதி கேட்டபோது கொடுத்தோம். பிரதி கண்டுபிடிக்கப்பட்டதென்று சொல்லி Restore வந்தது. அந்தத் திரை வராமல் நேரே உள்ளே போனால், கோப்பு பிழையான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். சரிபார்க்காமல் திரும்பத் திரும்பப் பதிந்தால் குறியீட்டுக்குக் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும்.

பழைய போனை ரீசெட் செய்தோ கடைக்குக் கொடுத்தோ இருந்தால் இது நடக்காது. இன்றைய போன்களின் சேமிப்பு பூட்டப்பட்டிருக்கும், ரீசெட்டில் திறப்பே அழியும். "எல்லாம் எடுத்துத் தாறோம்" என்று காசு கேட்கும் மென்பொருட்களுக்கும் அதைத் திறக்க வழியில்லை. எதிர்த்தரப்பாரிடம் Export chat கேட்பதுதான் மீதி. வாட்ஸ்அப்பிடம் கேட்டும் பயனில்லை, கொடுத்து முடித்த செய்தியை அது வைத்திருப்பதில்லை. மாறாக, புதுப் போனில் இன்னும் பதியாதவர்களுக்கு இத்தனை பாடே வேண்டாம். பழையதில் Settings, Chats, Transfer chats என்று போய், புதியதில் வரும் க்யூஆர் குறியைக் காட்டினால் நேரே போய்ச் சேரும்.

மச்சானுக்கு எல்லாம் வந்தது, செவ்வாய் பகல் தவிர. பிரதி அதிகாலையில் எழுதப்பட்டதால் அன்றைய ஓடர் ஒன்று இல்லை. ஆனால் குரல் பதிவுகள் பூட்டப்படுவதில்லை. Media-வுக்குள் WhatsApp Voice Notes கோப்புறையில், PTT- என்று தொடங்கி தேதியோடு, .opus என்று முடியும் கோப்புகளாக அவை கிடந்தன. செவ்வாய்த் தேதியில் ஆறு. யார் அனுப்பியதென்று பெயரில் இருக்காது. ஒவ்வொன்றாகப் போட்டோம். நான்காவதில் ஒரு குரல், "கரை பச்சை, பன்னிரண்டு" என்றது. மச்சான் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார்.