நிரை உடைந்ததா, நிரல் உடைந்ததா?

நோட்டுப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது பிளஸ் டூ மாணவர்களிடம் சாதாரணமாகிவிட்டது. கோடு போட்ட நோட்டில் எழுதிய கழித்தல் குறி, அந்தப் படத்தில் கோட்டோடு கோடாகக் கலந்து காணாமல் போவதும் உண்டு. நேர்மாறு அணி காணும் கணக்கில் இப்படி ஒரு குறி மறைந்தால் வினோதமான ஒன்று நடக்கும். விடை தவறாக இருக்கும். பெருக்கிச் சரிபார்த்தால் சரியென்றே வரும்.

நோட்டில் உள்ள அணி இது என்று வைத்துக்கொள்வோம்:

```
2   1  -1
1   0   2
3   1   2
```

ஓர் உறுப்பின் இணைக்காரணி வேண்டுமென்றால், அது நிற்கும் நிரையையும் நிரலையும் மறைத்துவிட்டு, மிஞ்சிய நான்கு எண்களைக் குறுக்கே பெருக்கிக் கழிக்க வேண்டும். முதல் மூலையில் மிஞ்சுவது 0, 2, 1, 2. எனவே 0×2 − 2×1 = −2. அடுத்த இடத்தில் 1×2 − 2×3 = −4; ஆனால் குறிகள் கூட்டல், கழித்தல் என்று மாறி மாறி வருவதால் அது 4 ஆகிறது. மூன்றாவது 1. முதல் நிரையின் உறுப்புகளை இவற்றோடு பெருக்கிக் கூட்டினால் −4 + 4 − 1 = −1. இதுவே அணிக்கோவையின் மதிப்பு. மற்ற ஆறு இணைக்காரணிகளையும் இதே முறையில் கண்டு, நிரைகளை நிரல்களாக மாற்றி எழுதினால் சேர்ப்பு அணி. அதை −1 ஆல் வகுத்தால் நேர்மாறு:

```
 2   3  -2
-4  -7   5
-1  -1   1
```

மூல அணியை இதனோடு பெருக்கினால் மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் 0 என்று அலகு அணி வருகிறது. கணக்கு சரி.

இப்போது படத்தைப் பார்த்து எழுதியவர் −1 என்பதை 1 என்று படித்துவிட்டார் என்போம். அவருக்கு அணிக்கோவை 1. பின்னமே இல்லாத, அழகான நேர்மாறும் கிடைக்கிறது:

```
-2  -1   2
 4   1  -3
 1   1  -1
```

தான் எழுதிய அணியோடு இதைப் பெருக்கினால் அவருக்கும் அலகு அணியே வரும். அவர் செய்தது வேறொரு கணக்கு; அந்தக் கணக்குக்கு இது சரியான விடை. பெருக்கிப் பார்ப்பது கணக்கிட்ட பிழையைத்தான் காட்டும், படித்த பிழையைக் காட்டாது. ஆகவே சரிபார்க்கும்போது தன் தாளில் உள்ள அணியை எடுக்கக் கூடாது. படத்தைப் பெரிதாக்கி, எண்களைப் புதிதாகப் படித்துப் பெருக்க வேண்டும்.

அப்படிப் பெருக்கினால் என்ன தெரியும்? உண்மையான முதல் நிரை 2, 1, −1. அதை இந்தத் தவறான நேர்மாறோடு பெருக்கினால் 1, 0, 0 வர வேண்டிய இடத்தில் −1, −2, 2 வருகிறது. இரண்டாம், மூன்றாம் நிரைகளில் ஒரு குறையும் இல்லை. உடைந்தது முதல் நிரை மட்டும், ஆகவே தவறாகப் படித்த எண் அந்த நிரையில்தான் இருக்கிறது. வரிசையை மாற்றி, நேர்மாறை முன்னே வைத்துப் பெருக்கினால் மூன்றாம் நிரல் மட்டும் உடையும். முதல் நிரையும் மூன்றாம் நிரலும் சந்திக்கும் இடத்தில்தான் அந்தக் கழித்தல் குறி தொலைந்திருக்கிறது.

கணக்கிட்டதில் பிழை என்றால் உடைப்பு வேறு மாதிரி இருக்கும். அணியைச் சரியாகப் படித்த ஒருவர், இரண்டாம் நிரை முதல் இடத்தின் இணைக்காரணி −3க்குப் பதிலாக 3 என்று எழுதிவிட்டால், நேர்மாறில் 3 இருக்க வேண்டிய இடத்தில் −3 வரும். மூல அணியை முன்னே வைத்துப் பெருக்கும்போது இரண்டாம் நிரல் மட்டும் −12, −5, −18 என்று குலைந்துபோகும். நிரை உடைந்தால் கண்ணின் பிழை. நிரல் உடைந்தால் குறியின் பிழை. −1 ஆல் வகுக்க மறந்தவருக்கு மூலைவிட்டம் முழுக்க −1 வரும், மற்ற இடங்களில் 0 அப்படியே இருக்கும். நிரைகளை நிரல்களாக மாற்ற மறந்தவருக்கோ எங்கும் ஒழுங்கு இராது. முதல் இடத்திலேயே 9 வந்து நிற்கும்.

இந்த அடையாளங்கள் பிழை ஒன்றே ஒன்றாக இருக்கும்போதுதான் தெளிவாகத் தெரியும். வெவ்வேறு நிரைகளில் இரண்டு எண்களைத் தவறாகப் படித்தால் இரண்டு நிரைகள் உடையும். அதோடு ஓர் இணைக்காரணியும் தவறினால் எது எதனால் வந்தது என்று பிரிப்பது கடினம்.

அதே மூலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மங்கிய −1 ஐ ஒருவர் 0 என்று படித்தால் அணிக்கோவை −4 + 4 + 0, அதாவது பூச்சியம். நேர்மாறே கிடையாது. நேர்மாறு காண்க என்று கேட்ட கணக்கில் பூச்சியம் வந்தால், இணைக்காரணிகளை மறுபடி கணக்கிட உட்காரும் முன் படத்தை இன்னொரு முறை பார்ப்பது நல்லது.