நூறு மெகாவாட் பேட்டரி, எத்தனை மணி நேரம்?

இன்வெர்ட்டர் வாங்கப் போகிறவரிடம் விவரம் தெரிந்த கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்பார். "ஒரே நேரத்துல என்னென்ன ஓடணும்?" என்பது ஒன்று. "கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கணும்?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விடை இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் விஏ என்று அச்சிட்ட எண்ணில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை, பக்கத்தில் இருக்கும் பேட்டரியின் ஏஎச் எண்ணில்.

900 விஏ இன்வெர்ட்டர், 150 ஏஎச் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியின் 12 வோல்ட்டை 150 ஆல் பெருக்கினால் 1,800 வாட் மணி வரும். அதாவது, காகிதக் கணக்கில் 1.8 யூனிட். இரண்டு மின்விசிறி, இரண்டு டியூப்லைட் என்று 200 வாட் அளவுக்கு ஓடினால், இழப்பெல்லாம் போக ஏழு மணி நேரமாவது தாங்கும். அதே பேட்டரி முழுதாக நிறைந்திருக்கும்போது, இவற்றோடு 750 வாட் மிக்ஸியையும் போட்டுப் பாருங்கள். இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடும். பேட்டரியில் கரண்ட் தீர்ந்து போனதால் அது நிற்கவில்லை. உள்ளே நிறைய இருக்கிறது. அவ்வளவையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளும் சக்திதான் அந்தப் பெட்டிக்கு இல்லை.

மின் தொகுப்போடு இணைக்கப்படும் பெரிய பேட்டரி நிலையத்துக்கும் இதே இரண்டு எண்கள்தான். ஒரு நொடியில் அதிகபட்சம் எவ்வளவு மின்சாரத்தை வெளியே தள்ள முடியும் என்பதை மெகாவாட் சொல்கிறது. உள்ளே மொத்தம் எவ்வளவு சேர்த்து வைக்கலாம் என்பதை மெகாவாட் மணி சொல்கிறது. ஒரு மெகாவாட் மணி என்பது நம் மின் கட்டண ரசீதுக் கணக்கில் 1,000 யூனிட். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கிடைப்பது மணி நேரம். 100 மெகாவாட், 400 மெகாவாட் மணி என்றால் அது நான்கு மணி நேர பேட்டரி. செய்திகளில் '100 மெகாவாட் பேட்டரி' என்று மட்டும் படித்தால் பாதிச் செய்தியைத்தான் படித்திருக்கிறோம்.

இந்த இரண்டு எண்களும் நிலையத்தின் இரண்டு தனித்தனிப் பகுதிகளிலிருந்து வருகின்றன. மெகாவாட்டைத் தீர்மானிப்பவை, பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டர்களும், டிரான்ஸ்பார்மரும், தொகுப்போடு சேரும் இணைப்பின் அனுமதி அளவும். மெகாவாட் மணியைத் தீர்மானிப்பது செல்களின் எண்ணிக்கை. இப்போது பரவலாகப் புழங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் ஒன்று 314 ஏஎச், 3.2 வோல்ட். பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட சரியாக ஒரு யூனிட். ஆக, 400 மெகாவாட் மணி நிலையத்தில் இப்படிப்பட்ட செல்கள் சுமார் நான்கு லட்சம் இருக்க வேண்டும். இருபதடி கன்டெய்னர் ஒன்றில் சுமார் 5 மெகாவாட் மணி அடைக்கிறார்கள். அந்தக் கணக்கில் 80 கன்டெய்னர்கள் வரிசைகட்டி நிற்கும். இன்வெர்ட்டரைத் தொடாமல் இன்னும் 80 கன்டெய்னர்களைச் சேர்த்தால் அது எட்டு மணி நேர பேட்டரி ஆகும். மெகாவாட் அப்படியே 100 தான்.

'நான்கு மணி நேரம்' என்றதும் அந்த நேரம் முடிந்ததும் அணைந்துவிடும் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். முழு வேகத்தில் ஓட்டினால் நான்கு மணி நேரம் என்பதே அதன் பொருள். அரை வேகத்தில் எட்டு மணி நேரம் ஓடும், கால் வேகத்தில் பதினாறு. ஆனால் மறுபக்கம் இந்தக் கணக்கு செல்லாது. 200 மெகாவாட்டாக இரண்டு மணி நேரம் தா என்று கேட்டால் தர முடியாது, இன்வெர்ட்டர் வழிவிடாது. இழுத்து நீட்டலாம், நெருக்கிச் சுருக்க முடியாது.

சரி, மூன்றும் இல்லாமல் ஆறும் இல்லாமல் நான்கு என்ற எண் எங்கிருந்து வந்தது? அதற்கு பேட்டரியின் வேதியியலில் விடை இல்லை. கலிபோர்னியாவின் ஒழுங்குமுறை விதியில் இருக்கிறது.

அங்கே பகலெல்லாம் சூரிய மின்சாரம் கொட்டுகிறது. மாலையில் சூரியன் இறங்கும்போது அது வேகமாக வடிந்துவிடும். வீடு திரும்பியவர்களின் ஏசி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். 2020 ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் கடும் வெப்ப அலையின்போது இந்த மாலை நேரத்தில்தான் தட்டுப்பாடு வந்து, பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்தினார்கள். சூரியன் போனபின் வரும் சில மணி நேரத்துக்கான ஏற்பாடு போதவில்லை என்று பிந்தைய ஆய்வும் சொன்னது.

மின்சாரம் விற்கும் நிறுவனங்கள், உச்ச நேரத்துக்குப் போதுமான உற்பத்தியை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துவைத்திருக்கிறோம் என்று அந்த மாநில ஆணையத்திடம் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு பேட்டரிக்கு எத்தனை மெகாவாட் மதிப்புப் போடுவது? தொடர்ந்து நான்கு மணி நேரம் எந்த அளவில் தாங்குமோ அந்த அளவுக்குத்தான் மதிப்பு என்று விதி வைத்தார்கள். 100 மெகாவாட், 200 மெகாவாட் மணி பேட்டரிக்கு மதிப்பு 50 தான். 100 மெகாவாட், 400 மெகாவாட் மணிக்கு முழு 100. அதையே 800 மெகாவாட் மணியாக்கினாலும் 100 தான், கூடுதல் செல்களுக்குப் போட்ட பணத்துக்கு இந்தக் கணக்கில் ஒரு காசு கூட வராது. முதலீடு செய்கிறவர் என்ன செய்வார்? எல்லோரும் நான்கிலேயே வந்து நின்றார்கள். மான்டரே வளைகுடா ஓரம் மாஸ் லாண்டிங்கில் 2020 டிசம்பரில் இணைந்த நிலையம் 300 மெகாவாட், 1,200 மெகாவாட் மணி. அடுத்து வந்தது 100, 400. அதற்கடுத்தது 350, 1,400. எதை வகுத்தாலும் நான்கு. (இவற்றில் முதல் நிலையம் இருந்த கட்டடத்தில்தான் 2025 ஜனவரியில் பெரும் தீ விபத்து நடந்தது.) 2024 ஏப்ரல் 16 மாலை, கலிபோர்னியத் தொகுப்புக்குச் சிறிது நேரம் மிக அதிக மின்சாரம் கொடுத்தவை பேட்டரிகளே, 6,000 மெகாவாட்டைத் தாண்டியது. 2025 முதல் அந்த விதி மாறி, நாளின் 24 மணி நேரத்தையும் தனித்தனியாகக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் நான்கு மணி நேரம் என்ற வடிவம் அதற்குள் உலகமெங்கும் பரவிவிட்டது.

அப்படியொரு நிலையம் ஒரு மாலையை எப்படிச் செலவழிக்கும்? 100 மெகாவாட், 400 மெகாவாட் மணியையே எடுத்துக்கொள்வோம். ஐந்து மணிக்கு வெயில் சாயும்போது 50 மெகாவாட்டில் தொடங்குகிறது. ஒரு மணி நேரத்தில் 50 மெகாவாட் மணி போயிற்று. ஆறு முதல் ஒன்பது வரை முழு 100, அதில் 300 தீர்ந்தது. ஒன்பதிலிருந்து பத்து வரை மீண்டும் 50. மொத்தம் 400. நான்கு மணி நேர பேட்டரி ஐந்து மணி நேரம் ஓடிவிட்டது. இதில் ஒரு சூதாட்டமும் உண்டு. ஐந்தரைக்கே விலை நன்றாக இருக்கிறதே என்று அதிகமாக விற்றுவிட்டால், எட்டரைக்கு வரும் உண்மையான நெருக்கடியில் கையில் ஒன்றும் இருக்காது.

மறுநாள் நிரப்பும்போது இன்னொரு கணக்கு. போட்டதெல்லாம் திரும்பி வராது. வெப்பமாகவும், குளிரூட்டும் கருவிகளுக்கும் போவது போக, சுமார் 85 சதவீதம்தான் திரும்பக் கிடைக்கும். 400 எடுக்க ஏறத்தாழ 470 மெகாவாட் மணி போட வேண்டும். 100 மெகாவாட் வேகத்தில் நிரப்பினால் நான்கே முக்கால் மணி நேரம் ஆகும். வெறும் நான்கு மணி நேரம் வெயில் அடித்தால் போதாது.

எல்லாப் பேட்டரிக்கும் மாலை நேரத்து வேலைதான் என்று எண்ண வேண்டாம். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் நிலையம் 2017இல் தொடங்கியபோது 100 மெகாவாட், 129 மெகாவாட் மணி. முழு வேகத்தில் ஒரு மணி நேரமும் கால் மணியும்தான். அந்த டிசம்பர் 14 அதிகாலை, விக்டோரியாவில் லாய் யாங் நிலக்கரி நிலையத்தின் 560 மெகாவாட் அலகு ஒன்று திடீரென விழுந்தது. தொகுப்பின் அதிர்வெண் 50இலிருந்து சரியத் தொடங்கியதும், நெடுந்தூரத்தில் இருந்த ஹார்ன்ஸ்டேல் தானாகவே சுமார் 7 மெகாவாட் கொடுத்தது. அதில் செலவான யூனிட் சொற்பம், அதன் பெயரை உலகறியச் செய்தது அதன் வேகம். சரிவைத் தடுக்கும் வேலைக்கு மெகாவாட் முக்கியம். மாலையைக் கடத்தும் வேலைக்கு மெகாவாட் மணி முக்கியம். இரண்டு பேட்டரிகளில் எது பெரியது என்ற கேள்விக்கு வேலையைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இரண்டாவது எண்ணில்தான். இன்வெர்ட்டர் பத்து ஆண்டு கழித்தும் 100 மெகாவாட்டைத் தள்ளும். செல்கள் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவை இழக்கும். 400 ஆக இருந்தது 280 ஆகக் குறைந்துவிட்டால், பெயர்ப்பலகையில் 100 மெகாவாட் அப்படியே இருக்கும், நேரம் மட்டும் 2.8 மணியாகச் சுருங்கியிருக்கும். இதனால்தான் ஒப்பந்தங்களில் முதலிலேயே கூடுதலாகச் செல்களை வைப்பது, அல்லது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புது கன்டெய்னர்களைச் சேர்ப்பது என்று எழுதிவைக்கிறார்கள். 400 என்ற எண் செல்லின் வாசலில் அளந்ததா, தொகுப்போடு சேரும் மீட்டரில் அளந்ததா என்பதும் கவனிக்க வேண்டியது. இரண்டுக்கும் நடுவே இழப்பு இருக்கிறது.

இன்னொரு தொல்லை, மீதி எவ்வளவு என்பதைச் சரியாகச் சொல்ல முடியாதது. இரும்பு பாஸ்பேட் செல்லின் வோல்ட் அளவு, நிறைந்திருக்கும்போதும் பாதி தீர்ந்திருக்கும்போதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதனால் கட்டுப்பாட்டு அறைத் திரை 15 சதவீதம் மீதி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே வரிசை நின்றுபோவதுண்டு. நூற்றுக்கணக்கான செல்களைத் தொடராகக் கோத்திருப்பதால், அவற்றில் நலிந்த ஒன்று கீழ் எல்லையைத் தொட்டதும், மற்றவற்றில் மிச்சம் இருந்தாலும் மொத்த வரிசையும் நிற்க வேண்டும். உண்மை நிலவரம் தெரிய நேரான வழி ஒன்றுதான்: முழுக்க நிரப்பி, சொன்ன மெகாவாட்டிலேயே ஓட்டி, இணைப்பு மீட்டரைப் பார்த்துக்கொண்டு எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று அளப்பது.

இந்தியாவிலும் இந்த எண்கள் டெண்டர்களுக்குள் வந்துவிட்டன. புதிய சூரிய மின் திட்டங்களோடு, அவற்றின் திறனில் 10 சதவீத அளவுக்கு, குறைந்தது இரண்டு மணி நேர சேமிப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2025 பிப்ரவரியில் ஆலோசனை வெளியிட்டது. 1,000 மெகாவாட் சூரிய நிலையத்துக்கு இது 100 மெகாவாட், 200 மெகாவாட் மணி. கலிபோர்னியாவின் பழைய நான்கு மணி நேரக் கணக்கில் போட்டால் இதன் மதிப்பு 50 மெகாவாட்.