55 எங்கிருந்து வந்தது?

2012-இல் வெளியான அலெக்ஸ்நெட் ஆய்வுக் கட்டுரையில் ஒரு கணக்கு உதைக்கிறது. படத்தின் அகலம் 224 பிக்சல். அதன்மேல் 11 பிக்சல் அகலக் கெர்னல் நான்கு நான்காகத் தாவுகிறது. அந்தத் தாவல்தான் ஸ்ட்ரைடு. முதல் அடுக்கின் வெளியீடு 55 என்கிறது கட்டுரை.

224-இல் 11 போனால் 213. நான்கால் வகுத்தால் 53.25. பின்னத்தை விட்டுவிட்டு, தொடக்க இடத்துக்கு ஒன்று கூட்டினால் 54தான்!

இரு ஓரத்திலும் இரண்டிரண்டு பூஜ்ஜியப் பிக்சல் ஒட்டினால், அதாவது பேடிங் 2 என்றால், அகலம் 228. 217-ஐ நான்கால் வகுத்தால் 54.25, ஒன்று கூட்ட 55. டார்ச்விஷன் நிரல் இந்த வழியில்தான் செல்கிறது.

முழுச் சூத்திரம்:

```
floor((n + 2p - d*(k-1) - 1)/s) + 1
```

இதில் `d` டைலேஷன்: கெர்னலின் புள்ளிகளை விலக்கி வைப்பது. அது 2 ஆனால் 11 பிக்சல் கெர்னல் 21 பிக்சலை அளாவும். வெளியீடும் 52 ஆகச் சுருங்கும்.