30 + 20 = 44

ஆடி பிறந்தால் ஜவுளிக்கடை வாசலில் இரண்டு எண்கள் சேர்ந்தே தொங்கும். மேலே பெரிய எழுத்தில் ‘30% தள்ளுபடி’ என்றிருக்கும். அதன் கீழே ‘கூப்பன் கொண்டுவந்தால் மேலும் 20%’ என்றிருக்கும். படித்த மாத்திரத்தில் மனம் இரண்டையும் கூட்டி, பாதி விலை என்று முடிவுகட்டிவிடுகிறது. துணியை எடுத்துப் போடும் பெண்ணும், “பாதி விலைதாங்க்கா வருது” என்பார். ஆனால் பில் பாதிக்கு மேலேதான் வரும். இதில் கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. இரண்டாவது தள்ளுபடி எந்தத் தொகையின் மேல் கழிக்கப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு குடும்பம் ஆடித் தள்ளுபடியில் ஒரு சேலை, ஒரு சட்டை, குழந்தைகளுக்கு இரண்டு உடுப்பு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் போட்ட விலைப்படி மொத்தம் 8,000 ரூபாய். கடைத் தள்ளுபடி 30 சதவீதம் போனால் 2,400 குறைந்து 5,600 நிற்கும். இப்போது கூப்பனை நீட்டுகிறார்கள். அந்த 20 சதவீதம் 8,000-க்குக் கிடைப்பதில்லை, மிச்சமிருக்கும் 5,600-க்குத்தான். ஆக 1,120 ரூபாய் குறைந்து பில் 4,480 ஆகிறது. மொத்தச் சேமிப்பு 3,520 ரூபாய், அதாவது 44 சதவீதம். பாதி விலை என்று நம்பி 4,000 ரூபாயோடு போயிருந்தால் 480 ரூபாய் கையைக் கடிக்கும்.

இதை மனதுக்குள்ளேயே போட்டுப்பார்க்க எளிய வழி உண்டு. எவ்வளவு குறைகிறது என்று பார்க்காமல் எவ்வளவு கட்டவேண்டும் என்று பாருங்கள். 30 சதவீதம் தள்ளுபடி என்றால் நூற்றுக்கு 70 கட்டுகிறோம். 20 சதவீதம் என்றால் நூற்றுக்கு 80. ஏழையும் எட்டையும் பெருக்கினால் 56. அட்டை விலையில் நூற்றுக்கு 56 ரூபாய் கட்டவேண்டும், 44 மிச்சம். மூன்றாவதாக வங்கி அட்டைக்கு 10 சதவீதம் என்று ஒன்று வந்தாலும் அதே பெருக்கல்தான்: 56-ல் பத்தில் ஒன்பது பங்கு, ஐம்பதுக்குச் சற்று மேல். வாசலில் 30, 20, 10 என்று 60 சதவீதம் தெரிகிறது. உண்மையில் கிடைப்பது ஐம்பதைக்கூட எட்டுவதில்லை.

தள்ளுபடி பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் பெரிதாகும். ஐந்தும் ஐந்தும் சேர்ந்தால் பத்துக்குக் கால் சதவீதம்தான் குறைவு. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஐம்பதும் ஐம்பதும் சேர்ந்தால் பொருள் இலவசமாக வரவேண்டும். ஆனால் கால் பங்கு விலையைக் கட்டித்தான் எடுத்துவர முடியும்.

இப்படிக் கூட்டிவிடுவது படிக்காதவர்கள் மட்டும் செய்யும் பிழை அல்ல. ஹைபெங் சென், அக்‌ஷய் ராவ் என்ற இரு சந்தையியல் ஆய்வாளர்கள் 2007-ல் நுகர்வோர் ஆய்வுக்கான ஓர் அமெரிக்க ஆய்விதழில் இதைப் பற்றியே எழுதினார்கள். அடுத்தடுத்து வரும் இரண்டு சதவீதங்களை மக்கள் நேராகக் கூட்டிவிடுகிறார்கள், அதனால் ஒரே தள்ளுபடியை இரண்டாகப் பிரித்துச் சொன்னால் அது பெரிதாகத் தெரிகிறது என்பதே அவர்கள் கண்டது. கடையில் சோதித்துப் பார்த்தபோதும் இரட்டைத் தள்ளுபடி அட்டைக்கே விற்பனை கூடியது. ஒரு கடை 40 சதவீதம் தர நினைக்கிறது என்றால் ‘20%, அதற்கு மேல் 25%’ என்றும் அதை எழுதலாம். எண்பதில் கால் பங்கு போனால் அறுபது. கல்லாவுக்கு வரும் பணம் ஒன்றுதான். வாங்க வருபவர் கண்ணில் மட்டும் அது 45 ஆகிவிடுகிறது. ஒரே தள்ளுபடியைக் கடைகள் ஏன் இரண்டு துண்டாக்கி எழுதுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

எதை முதலில் கழிப்பது என்ற கேள்வி கவுண்டரில் அடிக்கடி எழும். இரண்டுமே சதவீதமாக இருந்தால் அதைப் பற்றி வாதாடவே வேண்டாம். எழுபதை எண்பதால் பெருக்கினாலும் எண்பதை எழுபதால் பெருக்கினாலும் விடை ஒன்றே. ஆனால் ஒன்று சதவீதமாகவும் மற்றது ரொக்கமாகவும் இருந்தால் வரிசை முக்கியம். 3,000 ரூபாய் பில்லுக்கு 20 சதவீதம் ஆஃபர் இருக்கிறது, கையில் 300 ரூபாய் கூப்பன் இருக்கிறது. ஆஃபர் முதலில் கழிந்தால் 2,400, பிறகு கூப்பன் போய் 2,100. கூப்பன் முதலில் கழிந்தால் 2,700, அதில் 20 சதவீதம் போய் 2,160. இந்த 60 ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்றால், கூப்பனின் 300 ரூபாயில் 20 சதவீதம்தான் அது. கூப்பன் முன்னால் போனதால் அந்த 300-க்கு உரிய தள்ளுபடி கைவிட்டுப் போயிற்று. ஆகவே சதவீதம் முதலில், ரொக்கம் பிறகு என்பதுதான் வாங்குபவருக்கு லாபம். கடையின் கணினி எந்த வரிசையில் கழிக்கிறது என்று பில்லில் இரண்டு வரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கூப்பனின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு நிபந்தனைகள்தான் கணக்கை அதிகம் புரட்டிப்போடுபவை. ஒன்று ‘அதிகபட்சம் இவ்வளவு’ என்ற வரம்பு. நம் குடும்பத்தின் 20 சதவீதக் கூப்பனில் ‘அதிகபட்சம் ரூ.750’ என்று எழுதியிருந்தால் 1,120 குறையாது, 750 மட்டுமே குறையும். பில் 4,850 ஆகும். 5,600-க்கு 750 என்பது சதவீதத்தில் 13 சொச்சம்தான். அதாவது கூப்பனில் அச்சடித்த 20 என்ற எண் இந்தப் பில்லைப் பொறுத்தவரை உண்மை இல்லை.

இந்த வரம்பு எந்தப் பில்லில் முட்டும் என்று கண்டுபிடிப்பது சுலபம். 20 சதவீதம் என்றால் ஐந்தில் ஒன்று. 750-ஐ ஐந்தால் பெருக்கினால் 3,750. அதுவரைதான் கூப்பன் முழுதாக வேலை செய்கிறது. அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு ரூபாய்த் துணிக்கும் கூப்பனால் ஒரு பைசா பயனில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கூப்பன் வைத்திருந்தால், 5,600-ஐ இரண்டு பில்லாக, 2,800 வீதம் போடச் சொல்வதே புத்திசாலித்தனம். ஒவ்வொன்றிலும் 560 குறையும். வரம்பு எதிலும் இடிக்காது. ஒரு மொபைல் எண்ணுக்கு ஒருமுறைதான் என்ற விதி பல இடங்களில் இருப்பதால் அதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு நிபந்தனை, குறைந்தபட்சப் பில் தொகை. ‘3,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 500 தள்ளுபடி’ என்று கூப்பன் சொல்கிறது. 4,000 ரூபாய் போட்ட சேலையை எடுக்கிறோம். 30 சதவீதம் போனால் 2,800. அந்த 3,000 என்பது அட்டை விலையா, தள்ளுபடி போன விலையா? தள்ளுபடி போன விலையையே பெரும்பாலும் பார்ப்பார்கள், எனவே கூப்பன் செல்லாது. இந்த இடத்தில் நின்று யோசித்தால் ஒரு வேடிக்கை தெரியும். 200 ரூபாய்க்கு ஒரு துண்டையோ கைக்குட்டைகளையோ சேர்த்துவிட்டால் பில் 3,000 ஆகி, 500 கழிந்து 2,500-ல் முடியும். துண்டும் வந்தது, 300 ரூபாயும் மிஞ்சியது. ஆனால் பில் 2,300-ல் நின்றால் 700 ரூபாய்க்குப் பொருள் தேடவேண்டும். அப்போதும் 2,500-தான் கட்டுவோம். 200 ரூபாய் கூடுதல். தேவையான பொருளாக இருந்தால் நல்ல பேரம். தேவையில்லாததாக இருந்தால் 200 ரூபாய் வீண். பற்றாக்குறை கூப்பன் தொகையைவிடக் குறைவாக இருந்தால் தயங்காமல் சேர்க்கலாம். கூடுதலாக இருந்தால் நமக்கு வேண்டியதா என்று கேட்டுக்கொண்டுதான் சேர்க்கவேண்டும்.

அப்படிச் சேர்த்து வாங்கிய பில்லிலிருந்து ஒரு துணியைத் திருப்பித் தரப்போனால் இன்னொரு கணக்கு காத்திருக்கும். 3,000 பில்லில் 500 கூப்பன் போய் 2,500 கட்டியிருக்கிறோம். அதில் 1,200 ரூபாய்ச் சட்டை சரியாகப் பொருந்தவில்லை. கூப்பன் தொகையை எல்லாத் துணிகளின் மேலும் விலைக்கேற்பப் பிரித்துவிடுவது, குறிப்பாக இணையக் கடைகளில், வழக்கம். 3,000-ல் 1,200 என்பது ஐந்தில் இரண்டு பங்கு. 500-ல் ஐந்தில் இரண்டு 200. எனவே சட்டைக்குத் திரும்பி வருவது 1,000 ரூபாய். இதில் ஏமாற்று இல்லை. ஆனால் மிச்சப் பில் 3,000-க்குக் கீழே இறங்கிவிட்டது என்று சொல்லி 500 கூப்பனையே திரும்பப் பிடிக்கும் கடைகளும் உண்டு. அங்கே 1,200-ல் 500 போய் 700-தான் கிடைக்கும். அளவில் சந்தேகமுள்ள துணியைக் கூப்பன் பில்லில் சேர்க்காமல் தனியாகப் போடச் சொல்வது நல்லது.

இத்தனையும் சரியாகப் போட்டுப்பார்த்த பிறகும் பில்லின் அடியில் ஒரு வரி மிச்சமிருக்கும்: ஜி.எஸ்.டி. நம் நாட்டில் எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் உட்பட்ட விலை. அப்படியிருக்க, 2,000 ரூபாய் எம்.ஆர்.பி. போட்ட சட்டைக்கு 40 சதவீதம் கழித்து 1,200 என்று சொல்லிவிட்டு, அதன்மேல் 5 சதவீதம் வரி சேர்த்து 1,260 என்று பில் போடுவது சில கடைகளின் பழக்கம். தள்ளுபடிக்கு எதிர்த்திசையில் ஓடும் மூன்றாவது சதவீதம் இது. அறுபதை 1.05-ஆல் பெருக்கினால் 63. ஆக 40 சதவீதம் என்று விளம்பரப்படுத்தியது 37 ஆகிவிட்டது. ஜி.எஸ்.டி. வருவதற்கு முன், வாட் வரி இருந்த காலத்தில், எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி தந்துவிட்டு அந்தக் குறைந்த விலையின் மேல் வரியைத் தனியாக வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017 ஜனவரியில் சொன்னது.

எனவே பில்லைக் கையில் வாங்கியதும் பார்க்கவேண்டிய இடம், தள்ளுபடி போன விலைக்கும் கட்டச் சொல்லும் தொகைக்கும் நடுவில் ஏதாவது ஏறியிருக்கிறதா என்பதுதான். வரியைப் பிரித்துக் காட்டியிருப்பதில் தவறில்லை. 1,200-க்குள்ளேயே இவ்வளவு வரி அடங்கியிருக்கிறது என்று காட்டுவது முறையான பில். 1,200-க்கு மேல் ஏற்றிக் காட்டினால் அங்கேயே கேளுங்கள். துணியில் தொங்கும் விலை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். ‘அனைத்து வரிகளும் உட்பட’ என்ற சொற்கள் அதில்தான் இருக்கின்றன. கடை இறங்கிவரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லும்போது பில்லோடு அந்த அட்டையும் வேண்டியிருக்கும்.