நேர்கோட்டில் 1500, நீந்தியது 1635

நீச்சல்குளத்தின் தரையில் ஒவ்வொரு பாதைக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு ஓடும். ஃப்ரீஸ்டைல் நீந்துபவரின் முகம் தண்ணீருக்குள் இருப்பதால், அவர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே போகிறார். 50 மீட்டர் குளத்தில் அவர் கடப்பதும் 50 மீட்டர்தான். கடலிலும் ஏரியிலும் நடக்கும் போட்டிகளில் இந்தக் கோடு கிடையாது. சில நூறு மீட்டருக்கு ஒன்றாக நங்கூரமிட்ட பெரிய மிதவைகள் மட்டும் இருக்கும். போட்டியின் தூரம் என்று அறிவிக்கப்படுவது மிதவைக்கு மிதவை நேர்கோட்டில் அளந்த தூரம். நீந்துபவர் இடமும் வலமுமாக விலகி, தலைதூக்கிப் பார்த்து, திருத்திக்கொண்டு போவதால் அவர் உண்மையில் நீந்தும் தூரம் எப்போதும் அதைவிட அதிகம்.

நீச்சலில் வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதில்லை. 100 மீட்டருக்கு எவ்வளவு நேரம் என்பதே கணக்கு. அதைத்தான் ‘பேஸ்’ என்கிறார்கள். போட்டி முடிந்ததும் மொத்த நேரத்தை அறிவிக்கப்பட்ட தூரத்தால் வகுத்து இது கிடைக்கிறது. கோணலாகப் போன கூடுதல் தூரம் நேரத்தில் ஏறிவிடுகிறது, வகுக்கும் தூரத்தில் ஏறுவதில்லை. ஆகவே கையின் வேகம் துளியும் குறையாதவருக்கும் பேஸ் ஊதிப்போய்த் தெரிகிறது. குளத்தில் 2 நிமிடத்தில் 100 மீட்டர் நீந்துபவர் கடலில் 2 நிமிடம் 11 விநாடி என்று முடிவுப் பட்டியலில் பார்த்து, தன் பயிற்சி வீணானது என்று நினைத்துக்கொள்வது இதனால்தான்.

இந்தக் கூடுதல் எவ்வளவு என்பதை ஒரு கோணம் தீர்மானிக்கிறது. மிதவை இருக்கும் திசைக்கும் உடல் போகும் திசைக்கும் இடையிலான கோணம் அது. 10 பாகை விலகி நீந்தினால் கூடுதல் தூரம் ஒன்றரை சதவீதம்தான். 20 பாகையானால் 6 சதவீதத்துக்கு மேல். 30 பாகையில் 15 சதவீதத்தைத் தாண்டுகிறது. கோணம் இரண்டு மடங்கானால் இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. சிறிய தவறுகள் மலிவு, பெரிய தவறுகள் மிக விலை உயர்ந்தவை; பின்வரும் எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

பக்கவாட்டில் விலகிப்போவதுதான் பெரிய இழப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். மிதவை 400 மீட்டர் தொலைவில் இருக்கும்போது நேர்கோட்டைவிட்டு 27 மீட்டர் தள்ளிப் போயிருந்தாலும், அங்கிருந்து மிதவையை நோக்கி நேராக நீந்தினால் ஒரு மீட்டருக்கும் குறைவாகவே கூடுகிறது. உண்மையான இழப்பு அந்த 27 மீட்டர் தள்ளிப்போன நேரத்தில், தவறான கோணத்தில் நீந்தியபோதே நடந்து முடிந்துவிட்டது. ஆகவே பழைய கோட்டுக்குத் திரும்பி வர முயல்வது இன்னொரு கோணலைச் சேர்ப்பதாகவே முடியும். இருக்கும் இடத்திலிருந்து நேரே மிதவையை நோக்கிப் போவதே சரி.

மனிதர் கண்ணுக்கு அடையாளம் இல்லாமல் நேராகப் போக முடியாது என்பது நிலத்திலும் உண்மை. ஜெர்மனியின் டியூபிங்கன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், காட்டிலும் பாலைவனத்திலும் சிலரை நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியன் தெரிந்தவரை ஓரளவு நேராக நடந்தார்கள். சூரியன் மறைந்ததும், நேராகப் போகிறோம் என்று நம்பியபடியே வளைந்து, சிலர் தாங்கள் நடந்த பாதையையே மீண்டும் கடந்தார்கள். நீச்சலில் இதோடு உடலின் சமச்சீரின்மையும் சேர்கிறது. ஒரே பக்கம் மூச்செடுக்கும் பழக்கம், ஒரு கை மற்றதைவிட வலுவாக இழுப்பது, தலைக்கு முன்னால் கை நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே விழுவது ஆகியவை உடலை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சாய்வு எவ்வளவு என்பதை ஆளில்லாத நீச்சல்குளத்தில் எளிதாக அளக்கலாம். பாதையின் நடுவிலிருந்து கிளம்பி, கண்ணை மூடிக்கொண்டு வழக்கமான வேகத்தில் நீந்த வேண்டும். பக்கத்துக் கயிற்றில் கை படும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிலமுறை செய்தால் எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் என்பது தெரிந்துவிடும். 15 மீட்டர் போவதற்குள் ஒருவர் 1 மீட்டர் பக்கவாட்டில் விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு ஒன்றுமில்லாத விலகல் இது. ஆனால் இதே வளைவு தொடர்ந்தால் 40 மீட்டர் போனதும் உடல் 20 பாகை திரும்பியிருக்கும். 80 மீட்டரில் 40 பாகை திரும்பி, கோட்டைவிட்டு 27 மீட்டர் தள்ளியிருக்கும்.

இவரையே 1500 மீட்டர் போட்டியில் இறக்கிப் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமான டிரையத்லானின் நீச்சல் பகுதியும் இதே தூரம்தான். மிதவைகள் 500 மீட்டருக்கு ஒன்றாக முக்கோணமாக வைக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீர் அசையாமல் இருக்கிறது. இவர் 100 மீட்டரை 2 நிமிடத்தில் நீந்துகிறார். ஒரு கை வீச்சுக்கு ஏறக்குறைய 1 மீட்டர் நகர்கிறார். 80 வீச்சுக்கு ஒருமுறை மட்டும் தலைதூக்கி மிதவையைப் பார்த்துத் திசையைத் திருத்திக்கொண்டால், ஒவ்வொரு 80 மீட்டர் வளைவிலும் முன்னேற்றம் 73 மீட்டர்தான். கூடுதல் தூரம் 9 சதவீதம். மொத்தம் 1635 மீட்டர். நேரம் 32 நிமிடம் 42 விநாடி. அதை 1500 மீட்டருக்கு வகுத்தால் பேஸ் 2 நிமிடம் 11 விநாடி. இவரே 40 வீச்சுக்கு ஒருமுறை பார்த்திருந்தால் கூடுதல் 2 சதவீதம்தான். 20 வீச்சுக்கு ஒருமுறையானால் அரை சதவீதம். பார்வை இடைவெளியைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு கால் பங்காகச் சுருங்குகிறது. விலகல் எப்போதும் ஒரே பக்கமாக ஒரே அளவில் இருப்பதாகக் கொண்ட கணக்கு இது. அலையும் கூட்டமும் உள்ள இடத்தில் எண்கள் மாறும், அவை மாறும் போக்கு மாறாது.

அப்படியானால் ஐந்து வீச்சுக்கு ஒருமுறை பார்த்துவிடலாமே என்று தோன்றும். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும். தாழ்ந்த உடலைத் தண்ணீர் கூடுதலாகத் தடுக்கும். ஒரு பார்வைக்கு அரை விநாடி போகிறது என்று வைத்துக்கொண்டு மேற்சொன்னவரின் கணக்கைப் பார்த்தால், 80 மீட்டருக்கு ஒருமுறை பார்க்கும்போது கோணலும் பார்வையுமாகச் சேர்ந்து 2 நிமிடம் 50 விநாடிக்கு மேல் போகிறது. 40 மீட்டருக்கு ஒருமுறையானால் 1 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 20 அல்லது 30 மீட்டருக்கு ஒருமுறையானால் முக்கால் நிமிடம். 10 மீட்டருக்கு ஒருமுறை என்று நெருக்கினால் மறுபடி ஒன்றேகால் நிமிடத்தைத் தாண்டிவிடுகிறது, ஆனால் இப்போது கோணலால் அல்ல, தலைதூக்கியதால். குளத்தில் கண்ணை மூடி 25 மீட்டர் நேராகப் போகக்கூடியவருக்கு இந்தச் சரியான இடைவெளி இன்னும் நீளமாக இருக்கும். எல்லாருக்கும் பொதுவான ஒரு எண்ணைப் பயிற்சியாளர்கள் சொல்வது வசதிக்காகத்தான். இடைவெளியை முடிவுசெய்ய வேண்டியது அவரவர் சாய்வு.

பார்வைக்கான செலவைக் குறைக்கும் வழி தலையை முழுவதும் தூக்காமல் இருப்பது. கண் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வந்தால் போதும், வாய் வெளியே வர வேண்டியதில்லை. முன்னே பார்த்த கையோடு தலையைப் பக்கம் திருப்பி வழக்கம்போல் மூச்செடுத்துக்கொள்ளலாம். அலையின் பள்ளத்தில் இருக்கும்போது பார்த்தால் முன்னால் தண்ணீர்ச் சுவர்தான் தெரியும்; உடல் அலையின் முகட்டுக்கு ஏறும்போது பார்க்க வேண்டும்.

தண்ணீர் ஓடும் இடத்தில் மிதவையைச் சரியாகப் பார்த்துப் போவதே கோணலுக்குக் காரணமாகலாம். குறுக்கே நீரோட்டம் இருக்க, முகத்தை எப்போதும் மிதவைக்கு நேரே வைத்து நீந்துபவர் சிறிது சிறிதாகத் தள்ளப்பட்டு, கடைசியில் ஓட்டத்தை எதிர்த்து வளைந்து வந்து சேர்வார். விநாடிக்கு 20 சென்டிமீட்டர் குறுக்கு ஓட்டத்தில், நாம் பார்த்த அதே வேகக்காரர் 500 மீட்டரைக் கடக்க இப்படிப் போனால் 637 விநாடி ஆகும். ஓட்டம் வரும் பக்கமாக முன்கூட்டியே சற்றுத் திரும்பி நீந்தி, தரைக்கு நேர்கோடாகப் போனால் 618 விநாடி போதும். தள்ளப்படுகிறோமா என்று அறிய மிதவை மட்டும் போதாது, அதற்குப் பின்னால் கரையில் அசையாத இன்னொரு பொருள் வேண்டும். மிதவையும் பின்னாலுள்ள கோபுரமும் ஒரே கோட்டில் நிற்கும்வரை பாதை நேர். கோபுரம் மிதவையைவிட்டு நகரத் தொடங்கினால் ஓட்டம் இழுக்கிறது. தமிழகக் கடற்கரை மீனவர்கள் கடலில் தங்கள் மீன்பிடி இடத்தை மலை, கோயில், தேவாலயம் ஆகியவற்றை இப்படிக் கோட்டில் சேர்த்துத்தான் நெடுங்காலமாகக் கண்டுபிடித்து வந்திருக்கிறார்கள். பாக் நீரிணை போன்ற நீண்ட கடப்புகளில் இந்த வேலையைத் துணைப்படகு பார்த்துக்கொள்கிறது. நீந்துபவர் படகைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனால் போதும்.

போட்டிக்குப் பிறகு பேஸ் ஏன் ஊதியது என்று அறியப் பெரும்பாலானவர்கள் கையிலுள்ள ஜிபிஎஸ் கடிகாரத்தைத்தான் நம்புகிறார்கள். செயற்கைக்கோள் சமிக்ஞை தண்ணீருக்குள் ஊடுருவாது. கை ஒவ்வொரு வீச்சிலும் மூழ்குவதால், வெளியே வரும் சிறு பொழுதில் மட்டுமே கடிகாரத்தால் இடத்தைக் கணிக்க முடியும். அந்தப் புள்ளிகள் சில மீட்டர் பிழையோடு சிதறும். அவற்றைக் கோட்டால் இணைத்தால் நீந்தாத கோணல்களும் தூரத்தில் சேர்ந்துவிடும், அல்லது மென்பொருள் கோட்டை வழவழப்பாக்கும்போது நீந்திய வளைவுகள் காணாமல் போகும். 27 மீட்டர் விலகல் வரைபடத்தில் தெளிவாகத் தெரியும். 5 மீட்டர் விலகலை அதன் பிழையிலிருந்து பிரித்தறிய முடியாது. கடிகாரத்தை நீச்சல் தொப்பிக்குள் தலையின் பின்புறம் வைத்தாலோ, பின்னால் இழுத்துவரும் மிதவைப் பையில் வைத்தாலோ கணிப்பு நன்றாகத் தேறும்.

கை வீச்சுகளின் எண்ணிக்கை இன்னொரு சாட்சி, அதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை. குளத்தில் சுவரை உதைத்து 5 மீட்டர் வழுக்கி, மீதி 45 மீட்டருக்கு 45 வீச்சு போடுபவர், கடலில் 1635 வீச்சு போட்டிருந்தால் தண்ணீருக்குள் ஏறத்தாழ 1635 மீட்டர் நகர்ந்திருக்கிறார், கோணல்தான் காரணம். வீச்சு 1500ஐ ஒட்டியே இருந்து, நேரம் மட்டும் கூடியிருந்தால், ஒவ்வொரு வீச்சும் மெதுவாகியிருக்கிறது. காரணத்தைக் களைப்பில் தேட வேண்டும். இரண்டும் பழையபடியே இருந்தும் வரைபடத்தில் தூரம் கூடியிருந்தால் கடிகாரத்தைச் சந்தேகிக்கலாம். இந்த ஒப்பீட்டில் ஒரு திருத்தம் மறக்கக்கூடாதது: குளத்தின் 2 நிமிடக் கணக்கிலேயே சுவரை உதைத்துப் பெற்ற வேகம் கலந்திருக்கிறது, 25 மீட்டர் குளமானால் இன்னும் அதிகமாக. கடலில் அந்தச் சுவர் இல்லாததால், துல்லியமாக நேராக நீந்துபவருக்கும் 100 மீட்டருக்குச் சில விநாடி கூடும், வெட்சூட் அணிந்தால் அதன் மிதப்பு அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். கோணலின் கணக்கில் எழுத வேண்டியது இவற்றைக் கழித்த பிறகு எஞ்சும் விநாடிகளைத்தான்.