பாலைக் குடித்தது யார்?

தமிழ்நாட்டு மதரஸாவில் குர்ஆன் ஓதப் படித்த ஒருவர் துபாய்க்கோ தோஹாவுக்கோ வேலைக்குப் போனால், முதல் நாளே ஒரு திகைப்பு காத்திருக்கும். கடைப் பலகையிலும் செய்தித்தாளிலும் இருக்கும் எழுத்துகள் அவருக்குத் தெரிந்தவைதான். ஆனால் குர்ஆனில் ஒவ்வோர் எழுத்தின் மேலும் கீழும் அவர் பார்த்துப் பழகிய சிறு கோடுகள் அங்கே இல்லை. எழுத்து தெரிந்தும் சொல்லை வாய்விட்டுப் படிக்க முடியாமல் நிற்பார். அந்தக் கோடுகளுக்கு ஹரகாத் என்று பெயர். நம் ஊர் மதரஸாக்கள் சிலவற்றில் ஜபர், ஜேர், பேஷ் என்று சொல்லிக் கொடுப்பதும் இவற்றைத்தான்.

அரபியின் 28 எழுத்துகளும் மெய்கள். ஆ, ஈ, ஊ என்னும் நெடில்களைக் காட்ட அவற்றிலேயே அலிஃப், யா, வாவ் என்ற மூன்றைப் பயன்படுத்துகிறார்கள். அ, இ, உ என்னும் குறில்களுக்குத் தனி எழுத்து கிடையாது. மேலே ஒரு சாய்கோடு இருந்தால் அ, அது ஃபத்ஹா. கீழே இருந்தால் இ, அது கஸ்ரா. மேலே சின்ன வாவ் போல இருந்தால் உ, அது ளம்மா. குறில் இல்லாத மெய்க்குச் சிறு வட்டம், அது சுகூன். எழுத்து இரட்டித்தால் ஷத்து. ஏழாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ குறில்களைக் காட்ட வண்ணப் புள்ளிகள் வைத்தார் என்றும், அடுத்த நூற்றாண்டில் அதே ஊரின் கலீல் இப்னு அஹ்மத் அவற்றை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார் என்றும் அரபு மரபு சொல்கிறது.

வளர்ந்த அரபிகளுக்கு இந்தக் குறிகள் தேவைப்படுவதில்லை. நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். படித்தவர்கள் சொல்லறிவைக் கொண்டு புள்ளியை மனத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். அரபுச் செய்தித்தாள் படிப்பவரும் அப்படித்தான் படிக்கிறார். குர்ஆனிலும், கவிதையிலும், குழந்தைகளின் பாடநூலிலும் மட்டும் குறிகளைத் தவறாமல் பார்க்கலாம்.

சிக்கல் மொழிபெயர்ப்பில் வருகிறது. வேறொரு மொழியிலிருந்து ஒரு படப்புத்தகத்தை அரபிக்குக் கொண்டுவருபவர் வளர்ந்தவர். அவர் தட்டச்சு செய்யும்போது குறிகள் இல்லாமல்தான் எழுதுவார். அவருக்கு அதுவே இயல்பு. அந்தப் பக்கத்தைப் படிக்கப்போவதோ ஆறு வயதுக் குழந்தை. குறிகளை எங்கே வைப்பது, எங்கே விடுவது, யார் வைப்பது, எப்போது வைப்பது என்பதையெல்லாம் யாராவது முடிவு செய்தாக வேண்டும்.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். படத்தில் ஒரு சிறுமி, கையில் காலிக் குவளை, மேலுதட்டில் வெள்ளைக் கோடு. பின்னால் அம்மா. கீழே இரண்டு சொற்கள். முதல் சொல்லில் ஷீன், ரா, பா, தா என நான்கு எழுத்துகள். இரண்டாவது சொல் அல்ஹலீப், அதாவது பால். குறி எதுவும் இல்லாவிட்டால் முதல் சொல்லை நான்கு விதமாகப் படிக்கலாம். ஷரிப்து என்றால் நான் குடித்தேன். ஷரிப்த என்றால், ஆண்பிள்ளையைப் பார்த்து, நீ குடித்தாய். ஷரிப்தி என்றால் பெண்பிள்ளையைப் பார்த்து நீ குடித்தாய். ஷரிபத் என்றால் அவள் குடித்தாள். கதையைச் சிறுமியே சொல்கிறாளா, அம்மா அவளிடம் பேசுகிறாளா, ஆசிரியர் அவளைப் பற்றிச் சொல்கிறாரா என்பது படத்திலிருந்து தெரியாது. பாலைக் குடித்தது அவள்தான் என்பது மட்டும் தெரியும்.

கடைசி எழுத்தான தாவில் ஒரு குறி வைத்தால் போதுமே என்று தோன்றும். ‘நான்’ என்பதற்கு அது போதும். தாவின் மேல் ளம்மா வைத்தால் வேறு எப்படியும் படிக்க முடியாது. ‘அவள்’ என்பதற்குப் போதாது. ஷரிபத் என்ற சொல்லின் ஈற்று மெய், அடுத்து வரும் ‘அல்’ என்பதோடு சேரும்போது ஓர் இகரத்தைப் பெற்று ‘ஷரிபதில் ஹலீப்’ என்று ஒலிக்கும். ஆகவே தாவின் கீழ் கஸ்ரா வரும். ‘நீ குடித்தாய்’ என்று சிறுமியிடம் சொல்லும் ‘ஷரிப்தில் ஹலீப்’ என்பதிலும் தாவின் கீழ் அதே கஸ்ராதான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது தா அல்ல, அதற்கு முன்னால் இருக்கும் பா. பாவின் மேல் ஃபத்ஹா இருந்தால் அவள். சுகூன் இருந்தால் நீ. ஈற்றெழுத்தை மட்டும் கவனித்துக் குறி வைத்தால் இந்த இடத்தில் பக்கம் பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும், படிக்கிற குழந்தைக்குப் பொருள் பிடிபடாது.

பேச்சிலிருந்து குழந்தை இதை ஊகித்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். அங்கேதான் அரபியின் தனித்தன்மை இருக்கிறது. கெய்ரோவிலோ டமாஸ்கஸிலோ வளரும் குழந்தை வீட்டில் கேட்பது அந்தந்த ஊர்ப் பேச்சு. புத்தகத்தில் இருப்பது ஃபுஸ்ஹா எனப்படும் எழுத்து அரபி. பெயர்ச்சொல்லின் கடைசியில் எழுவாய்க்கு உ, செயப்படுபொருளுக்கு அ என்று மாறும் வேற்றுமை ஒலிகள் பேச்சில் மறைந்துபோய்விட்டன. வீட்டில் கேட்காத ஒலியைக் குழந்தை ஊகித்துப் படிக்க முடியாது. அதனால் அரபு நாடுகளில் முதல் வகுப்புப் பாடநூல்கள் முழுக் குறிகளோடு வருகின்றன. மூன்றாம் நான்காம் வகுப்பிலிருந்து குறிகள் மெல்லக் குறைகின்றன. ஹைஃபா பல்கலைக்கழகத்தின் சலீம் அபூ ரபீஆ 1990களில் செய்த ஆய்வுகளில், குறிகள் இருந்தபோது வாசிப்பின் துல்லியம் கூடியது. நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் குறிகளே கண்ணுக்குச் சுமையாகி வேகத்தைக் குறைக்கின்றன என்று பின்னால் வந்த வேறு சில ஆய்வுகள் கண்டன. இரண்டும் முரண் அல்ல. படிப்பவரின் வயதும் பழக்கமும்தான் வேறு.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பக்கத்தைப் படிக்கப்போவது யார் என்பதே. சுமார் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் தாமாகப் படிக்கும் புத்தகம் என்றால் எல்லாச் சொற்களுக்கும் குறி வேண்டும். படமும் ஒரே சொல்லும் கொண்ட சொற்புத்தகங்களுக்கு இது இன்னும் அவசியம் என்பது என் கருத்து. கேரட் படத்தின் கீழ் ஜீம், ஸாய், ரா என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். ஜஸர் என்றால் கேரட், ஜுஸுர் என்றால் தீவுகள். படம் இருப்பதால் தீவு என்று யாரும் நினைக்கமாட்டார்கள் என்பது வளர்ந்தவரின் வாதம். குழந்தை அந்தப் பக்கத்துக்கு வருவதே அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று தெரிந்துகொள்ளத்தான். பொருளைப் படம் காட்டிவிடும், ஒலியைக் காட்டாது.

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளின் கதைப்புத்தகத்தில் முழுக் குறி வேண்டாம். அங்கே குழப்பம் வரும் இடங்களுக்கு மட்டும் வைக்கலாம். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மூலக்கதையைப் பார்க்காத ஓர் அரபு வாசகரிடம் குறியில்லாத பக்கங்களைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ, எங்கே திரும்பப் போய்ப் படிக்கிறாரோ, அங்கே குறி தேவை. பெரும்பாலும் அவை செயப்பாட்டு வினைகளாக இருக்கும். கதப என்றால் எழுதினான், குதிப என்றால் எழுதப்பட்டது, எழுத்துகள் ஒன்றே. இரட்டிக்கும் எழுத்துகளிலும், அரிதான சொற்களிலும், வேற்றுமொழிப் பெயர்களிலும் இதே தயக்கம் வரும்.

மொழிபெயர்ப்பு நூலில் பெயர்களை எந்த வயதினருக்கும் குறியில்லாமல் விடக்கூடாது. மற்றச் சொற்களை வாசகர் தம் மொழியறிவால் நிரப்பிக்கொள்வார். அயல்பெயருக்கு அந்த அறிவு உதவாது. தமிழ்க் கதை ஒன்று அரபிக்குப் போகிறது, அதில் செல்வி என்றொரு பெண் வருகிறாள் என்று வையுங்கள். ஸீன், லாம், ஃபா, யா என்று எழுதினால், அரபு வாசகர் முதலில் படிப்பது ஸலஃபீ என்றுதான். அந்தச் சமயப் பிரிவின் பெயருக்கும் அதே எழுத்துகள். லாமின் மேல் ஒரு சுகூன் வைத்தால் அந்த வாசிப்பு நீங்கிவிடும். ஆனால் எகரத்துக்கு அரபியில் குறியே கிடையாது. ஃபத்ஹா வைத்தால் ஸல்ஃபீ, கஸ்ரா வைத்தால் ஸில்ஃபீ. எது கிட்டே வருகிறது என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, புத்தகம் முழுக்க அதையே வைக்க வேண்டும். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வி மரபில் எகர ஒகரங்களுக்குத் தனிக் குறிகளைப் படைத்துக்கொண்டார்கள். அவற்றை அறியாத அரபுக் குழந்தைக்கு அவை பயன்படா.

குறி வைக்கும் நேரமும் முக்கியம். பொதுவாக மொழிபெயர்ப்பாளர் எழுதி முடித்த பிறகு, இலக்கணம் நன்றாகத் தெரிந்த மெய்ப்புத் திருத்துநர் குறிகளை இடுகிறார். அதன் பிறகு வாக்கியத்தை மாற்றினால் ஆபத்து. ‘பூனை தூங்குகிறது’ என்ற வாக்கியத்தில் பூனைக்கு உகர ஈறு. ஆசிரியர் அதை ‘அவள் பூனையைப் பார்த்தாள்’ என்று மாற்றி, பழைய பூனையை வெட்டி ஒட்டினால், உகரமும் கூடவே வந்துவிடும். அரபியில் ‘பார்த்தாள்’ என்ற வினையே பெண்பாற் சொல்லான பூனைக்கும் பொருந்தும் என்பதால் இப்போது வாக்கியத்தின் பொருள் ‘பூனை பார்த்தது’ என்றாகிவிடும். குறியே இல்லாதிருந்தால் படத்தைப் பார்த்து வாசகர் சரியாகப் படித்திருப்பார். தவறான குறி அவரைத் தவறான இடத்துக்கே கொண்டுபோகிறது. எனவே வாசகம் முடிவான பிறகுதான் குறி இட வேண்டும். பிறகு ஒரு சொல் மாறினாலும் அந்த வாக்கியம் முழுவதையும் திருத்துநர் மறுபடி பார்க்க வேண்டும்.

வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் பதிப்பகங்கள் ஒன்றுபடுவதில்லை. ‘அல்ஹலீப’ என்று அகர ஈறு எழுதுவது இலக்கணம். வாய்விட்டுப் படிக்கும்போது அங்கே நிறுத்துவதால் ‘அல்ஹலீப்’ என்றே ஒலிக்கும். பெரியவர்கள் படித்துக்காட்டும் புத்தகத்தில் அந்த எழுத்தை வெறுமையாக விடுவதும், பிள்ளை தானே பயிலும் புத்தகத்தில் பள்ளி முறைப்படி குறி இடுவதும் நல்லது என்று நினைக்கிறேன். எதைத் தேர்ந்தாலும் பக்கத்துக்குப் பக்கம் மாறக்கூடாது.

கடைசிக் கண்டம் பக்க வடிவமைப்பில் இருக்கிறது. ஷத்தும் கஸ்ராவும் ஒரே எழுத்தில் சேரும்போது பல எழுத்துருக்கள் கஸ்ராவை எழுத்தின் கீழே வைக்காமல், மேலேயே ஷத்துக்கு அடியில் வைக்கின்றன. கஸ்ரா கீழேதான் வரும் என்று படித்த பிள்ளை அதை ஃபத்ஹாவாகப் பார்த்து, முஅல்லிம் என்ற ஆசிரியரை முஅல்லம் என்று படித்துவிடும். அது கற்பிக்கப்பட்டவர் என்ற பொருளைத் தரும். கஸ்ராவைக் கீழே வைக்கும் எழுத்துருவைத் தேர்ந்துகொள்வதே தொடக்க வாசகர்களுக்குப் பாதுகாப்பு. வரிகளுக்கிடையே இடமும் கூடுதலாக விட வேண்டும். இல்லாவிட்டால் மேல்வரியின் கஸ்ரா கீழ்வரியின் ஃபத்ஹாவோடு மோதும். வண்ணப் படத்தின் மேல் நேரடியாக அச்சிட்டால் எழுத்து தெரியும், மெல்லிய குறிகள் இலைகளுக்குள்ளும் மேகங்களுக்குள்ளும் காணாமல் போய்விடும். அச்சுக்குப் போகும் கோப்பைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் போதாது. உண்மையான அளவில் தாளில் எடுத்து, படிக்கப்போகும் வயதுள்ள ஒரு குழந்தையிடம் கொடுக்க வேண்டும்.

அரபிக்கு ஒரு படப்புத்தகத்தை அனுப்பும் பதிப்பாளர்கள், மொழிபெயர்ப்பாளருக்குத் தரும் முதல் கடிதத்திலேயே மூன்று செய்திகளை எழுதிவிடுங்கள்: படிப்பவரின் வயது, குறி முழுமையா பகுதியா, கதையைச் சொல்வது யார். குறியிடுவதையும் அதைச் சரிபார்ப்பதையும் தனி வேலையாகக் கணக்கிட்டு, அதற்கு நாளும் கூலியும் ஒதுக்குங்கள்.