கவிழாத சுவரும் நகர்ந்துவிடும்

குன்னூர், கோத்தகிரி போன்ற மலைச்சரிவுகளில் வீடு கட்ட இடத்தைச் சமன் செய்ததுமே, பின்புறத்து மண் சரியாமலிருக்கத் தடுப்புச் சுவர் எழுப்பியாக வேண்டும். அடி அகலம் எவ்வளவு என்று கேட்டால், "உயரத்துல பாதி வெச்சுக்கலாம் சார்" என்பார் மேஸ்திரி. அது போதுமா என்று ஒரு சுவரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கருங்கல் கட்டு, உயரம் 3 மீட்டர். மேலே 60 சென்டிமீட்டர் அகலம், அடியில் 1.5 மீட்டர். மண்ணைத் தொடும் முதுகு செங்குத்து, முன்முகம் சாய்வு. ஒரு மீட்டர் நீளச் சுவரின் எடை சுமார் 7.25 டன்.

முதுகுக்குப் பின்னால் மணல் கலந்த உலர்ந்த மண் சமமாக நிரப்பியிருக்கிறது. கன மீட்டருக்கு 1.8 டன் எடையுள்ள இத்தகைய மண், தன் மேல் அமர்ந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் தள்ளும். மேல்மட்டத்தில் தள்ளலே இல்லை. ஆழம் கூடக் கூட அதுவும் கூடி, அடியில் சதுர மீட்டருக்கு 1.8 டன் ஆகிறது. எல்லாம் சேர்ந்து 2.7 டன். கீழே அழுத்தம் அதிகம் என்பதால் இந்த விசை சுவரின் நடுவில் அல்ல, அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது 1 மீட்டரில் செயல்படும்.

முதல் சோதனை, சுவர் கவிழுமா என்பது. கவிழ்வதானால் முன்விளிம்பை அச்சாகக் கொண்டுதான் கவிழ வேண்டும். மண் கவிழ்க்கும் திறன் 2.7 டன்-மீட்டர். சுவரின் எடை அதைத் தடுத்து நிறுத்தும் திறன் 6.83 டன்-மீட்டர். இரண்டரை மடங்கு இருக்கிறது. வழக்கமாகக் கேட்கப்படுவது இரண்டு மடங்கு. தேறிவிட்டது.

அடுத்தது, நகருமா என்பது. சுவரைப் பிடித்து வைத்திருப்பது அடியிலுள்ள உராய்வு. அதை எடையில் பாதி என்று கொண்டால் 3.6 டன் வருகிறது. 2.7 டன் தள்ளலுக்கு இது 1.34 மடங்குதான், ஒன்றரை மடங்காவது வேண்டும். மேஸ்திரி சொன்ன அகலம் இங்கேதான் தேறவில்லை. கவிழாத சுவர்கூட அப்படியே முன்னால் வழுக்கிப் போகலாம். அடி அகலத்தை 1.8 மீட்டராக்கினால் எடை 8.28 டன் ஆகிறது, உராய்வும் 1.53 மடங்காகிறது. முப்பது சென்டிமீட்டரில் குறை தீர்ந்துவிட்டது.

மூன்றாவது, அடிமண் தாங்குமா என்பது. மண் தள்ளுவதால் பாரம் முன்பக்கம் சாய்கிறது. அகலப்படுத்திய சுவரில் முன்விளிம்புக்குக் கீழே சதுர மீட்டருக்கு சுமார் 5.8 டன் விழுகிறது. கெட்டியான செம்மண் இதைச் சிரமமின்றித் தாங்கும். கூட்டு எடைக்கோடு அடி அகலத்தின் நடு மூன்றிலொரு பகுதிக்குள்ளேயே விழுவதால், பின்விளிம்பு தரையைவிட்டுத் தூக்குவதுமில்லை.

ஆனால் மேலே போட்டதெல்லாம் உலர்ந்த மண்ணுக்கான கணக்கு. அடைமழையில் பின்புறம் தண்ணீர் உச்சிவரை தேங்கிவிட்டால், தண்ணீர் மட்டுமே 4.5 டன் தள்ளும். நீரில் அமிழ்ந்த மண்ணின் பங்கு 1.5 டன். மொத்தம் 6 டன்; உலர்ந்த நிலையைப்போல் இரு மடங்குக்கும் மேல். அகலப்படுத்திய சுவரின் உராய்வோ 4.1 டன்தான். சுவர் நகராமல் நிற்க வழியே இல்லை. அடியில் புகும் நீர் சுவரை மேல்நோக்கித் தூக்குவதை இதில் சேர்க்கவே இல்லை.

இன்னும் அகலப்படுத்துவதைவிடத் தண்ணீரைத் தேங்கவிடாமல் செய்வதுதான் மலிவு. சுவர் கட்டும்போதே ஒன்றரை மீட்டர் இடைவெளியில், வரிசை மாற்றி மாற்றி, 75 முதல் 100 மில்லிமீட்டர் குழாய்களை முன்பக்கம் சற்றே சரிவாகப் பதிக்க வேண்டும். குழாயின் பின்வாயில் மண் அடைத்துக்கொள்ளாதபடி, முதுகை ஒட்டிச் சுமார் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். தோண்டிய களிமண்ணையே திரும்பக் கொட்டினால் துளைகள் இருந்தும் பயனில்லை. மேல்தரையில் விழும் மழைநீர் சுவருக்குப் பின்னால் இறங்காமல் ஓட ஒரு வாய்க்காலும் வேண்டும்.

ஏற்கெனவே நிற்கும் சுவரை நீங்களே கவனிக்கலாம். மழை பெய்யும்போது துளைகளில் நீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். கல் இடுக்குகள் ஈரமாகியும் துளைகள் உலர்ந்தே இருந்தால் அவை அடைத்துவிட்டன. தூக்குக்குண்டு கட்டி, மண் பக்கச் செங்குத்து எங்காவது வெளியே தெரிந்தால் அதில் சாய்வு தட்டுகிறதா என்றும், முன்முகத்தில் வயிறு தள்ளியிருக்கிறதா என்றும் பாருங்கள். மேல்தரையில் சுவருக்கு இணையாக நீளமான விரிசல் கண்டால், கீழே யாரையும் தங்கவிடாமல் உடனே பொறியாளரை அழையுங்கள். அடைத்த துளைகளை மழைக்காலத்துக்கு முன்பே கம்பி விட்டுக் குத்தித் திறந்துவிடுங்கள்.